டேட்டா தீர்ந்த ராத்திரியில் ஒரு சேலைக் கடை: சின்ன போனுக்கான லேஅவுட்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா கொஞ்சம் சுருக்கியிருக்கோம், பேச்சு நடையை மாத்தல.)

இன்னைக்கு ஒரே ஒரு பக்கத்தைப் பத்தி மட்டும் பேசப் போறோம். ஒரு சேலைக் கடையோட இணையதளம். அதுல சேலைகள் வரிசையா வர்ற பக்கம். அந்தக் கடை சேலம் பக்கம் இருக்கு, பேரு வேண்டாம். தறிக்காரங்ககிட்ட நேரடியா வாங்கி, 450 ரூபாயிலேர்ந்து 1,800 ரூபாய் வரைக்கும் விக்கிறாங்க. போன வருஷம் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கட்டுற வேலை எனக்கு வந்துச்சு.

வாடிக்கையாளர்கள் யாருன்னு கடைக்கார அண்ணன்கிட்ட கேட்டேன். பெரும்பாலும் பெண்கள். மில்லுல, கடையில, ஸ்கூல்ல வேலை பார்க்கிறவங்க. கொஞ்சம் பேர் இவர்கிட்ட அஞ்சு பத்து வாங்கி, தெருவுல இருக்கிறவங்களுக்கு விக்கிறவங்க. எல்லாரும் வாட்ஸ்அப்ல வர்ற லிங்க்கைத் தொட்டுத்தான் உள்ள வர்றாங்க. எப்போன்னு பார்த்தா, ராத்திரி எட்டரையிலேர்ந்து பத்தரைக்குள்ள.

இந்த நேரம்தான் முக்கியம். தினமும் 1 ஜிபி, 1.5 ஜிபின்னு வர்ற பேக்ல, அன்னைக்கு உள்ள டேட்டா தீர்ந்துட்டா நெட் கட் ஆகாது. நம்ம ஊர்ல பெரிய கம்பெனிகளோட நிறைய பேக்ல வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிடும். காலையிலேர்ந்து ரீல்ஸ், சீரியல், பசங்களோட கார்ட்டூன் எல்லாம் ஓடின போன், ராத்திரி ஒன்பது மணிக்கு எந்த நிலைமையில இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. சேலை பார்க்க உட்கார்ற நேரமும் டேட்டா தீர்ற நேரமும் ஒண்ணுதான்.

முதல்ல கணக்கு

64 கேபிபிஎஸ்ங்கறது பிட் கணக்கு. எட்டால வகுத்தா ஒரு செகண்டுக்கு 8 கேபி. அவ்வளவுதான். டேட்டா தீராத நேரத்துக்கு ஒரு அளவு வேணும்னா, கூகுளோட லைட்ஹவுஸ் கருவி மொபைல் சோதனைக்கு வச்சிருக்கிற கணக்கை எடுத்துக்கலாம்: 1.6 எம்பிபிஎஸ். அதாவது செகண்டுக்கு 200 கேபி.

இப்போ பழைய பக்கத்தை எடுத்துப்போம். மேல மூணு படம் மாறி மாறி ஓடுற பேனர், ஒவ்வொண்ணும் 400 கேபி. கீழ இருபது சேலைப் படம், ஒவ்வொண்ணும் 180 கேபி கிட்ட. ஜாவாஸ்க்ரிப்ட் 900 கேபி. எல்லாம் சேர்த்தா 5,700 கேபி. டேட்டா இருக்கும்போது 28 செகண்ட். டேட்டா தீர்ந்த பிறகு 700 செகண்டுக்கு மேல, கிட்டத்தட்ட 12 நிமிஷம். பன்னிரண்டு நிமிஷம் யாரும் காத்திருக்கப் போறதில்ல. அவங்க என்ன பண்ணினாங்கன்னா, வாட்ஸ்அப்புக்கே திரும்பிப் போய், "அண்ணா, விலை என்ன?"ன்னு மெசேஜ் போட்டாங்க. கடையில ஒரு பொண்ணு உட்கார்ந்து ராத்திரி பூரா விலை டைப் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. விலை பக்கத்துலயே இருந்துச்சு. ஆனா பக்கம் கடைசி வரைக்கும் வந்து சேரல.

இந்த இடத்துல பலரும் "படத்தை கம்ப்ரஸ் பண்ணு"ன்னு ஆரம்பிப்பாங்க. அதுவும் பண்ணணும்தான். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு. செகண்டுக்கு 8 கேபி வருதுன்னா, எது எந்த வரிசையில வரணும்? லேஅவுட்னா எது எங்க இருக்கணும்ங்கறது மட்டும் இல்ல. மெதுவான நெட்ல, எது எப்போ வரணும்ங்கறதும் லேஅவுட்தான்.

நாங்க போட்ட வரிசை இது. முதல்ல விலையும் பேரும் கலரும், எழுத்தா. அடுத்து திரையில தெரியற நாலு படம். அதுக்கப்புறம் மீதிப் படங்கள். எல்லாத்துக்கும் கடைசியில, இல்லைன்னாலும் பரவாயில்லைங்கற விஷயங்கள்.

எழுத்து முதல்ல வரணும்னா

பழைய பக்கத்துல சர்வர் அனுப்பினது ஒரு வெத்துப் பக்கம். ஜாவாஸ்க்ரிப்ட் முழுசா இறங்கி, அது ஓடி, அது போய் சர்வர்கிட்ட சேலை லிஸ்ட்டைக் கேட்டு, அது வந்த பிறகுதான் முதல் எழுத்தே தெரியும். வேகமான போன்ல இது தெரியாது. மெதுவான நெட்ல இதுதான் பாதி பிரச்சினை.

புதுசுல, சர்வரே முழு எச்டிஎம்எல்லையும் தயார் பண்ணி அனுப்புது. சேலைப் பேரு, விலை, எல்லாம் உள்ளயே இருக்கு. சிஎஸ்எஸ்ஸையும் தனி ஃபைலா வைக்காம பக்கத்தோட தலைப்பகுதியிலயே வச்சுட்டோம். மொத்தம் சுருக்கின பிறகு 10 கேபி. இந்த 10 கேபி சும்மா வந்த நம்பர் இல்ல. ஒரு கனெக்‌ஷன் தொடங்கும்போது சர்வர் முதல் தவணையா சுமார் 14 கேபி வரைக்கும்தான் அனுப்பும். போன் "வந்துடுச்சு"ன்னு பதில் சொன்ன பிறகுதான் அடுத்த தவணை. 14 கேபிக்குள்ள பக்கம் அடங்கிட்டா, ஒரே தவணையில வேலை முடிஞ்சுது. 64 கேபிபிஎஸ்லயும் அந்த 10 கேபி ஒண்ணே கால் செகண்ட்ல இறங்கிடும். கனெக்‌ஷன் போடுற நேரத்தைச் சேர்த்தாலும் சில செகண்ட்ல விலை கண்ணுல படும்.

தமிழ்ல எழுதுறவங்களுக்கு இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. யூடிஎஃப்-8ல ஒரு இங்கிலீஷ் எழுத்துக்கு ஒரு பைட். தமிழ்ல "கி"ன்னு எழுதினா க ஒண்ணு, இகரக் குறி ஒண்ணுன்னு ரெண்டு குறியீடு, ஒவ்வொண்ணும் மூணு பைட், மொத்தம் ஆறு. அதனால சர்வர்ல ஜிஸிப் இல்லைன்னா ப்ராட்லி சுருக்கம் போட்டிருக்கான்னு கட்டாயம் பாருங்க. தமிழ் எழுத்துகள்ல அதே பைட்டுகள் திரும்பத் திரும்ப வர்றதால நல்லாவே சுருங்கும்.

அதே மாதிரி ஃபான்ட். ஆண்ட்ராய்டு போன்ல தமிழ் ஃபான்ட் ஏற்கெனவே உள்ளயே இருக்கு. அழகுக்காக இன்னொரு ஃபான்ட்டை இறக்கினா, ஒவ்வொரு தடிமனுக்கும் தனித்தனி ஃபைல். அது வர்ற வரைக்கும் சில நேரம் எழுத்தே தெரியாது. நாங்க `font-family: sans-serif` போட்டு விட்டுட்டோம். அண்ணன் கண்டுபிடிக்கவே இல்ல.

ரெண்டு பத்தியா, ஒரு பத்தியா

குறைஞ்ச விலை போன்ல இப்போ அதிகமா கிடைக்கிறது 720 பிக்ஸல் அகலத் திரை. ஆனா பிரவுசருக்கு அது 360 பிக்ஸல் அகலம்னுதான் தெரியும், ஏன்னா ரெண்டு நிஜப் பிக்ஸலை ஒரு சிஎஸ்எஸ் பிக்ஸலா கணக்குப் பண்ணும். டிசைன் பண்றவங்க 360ல ஆரம்பிக்கணும். லேப்டாப்ல அகலமா வரைஞ்சுட்டு அப்புறம் அமுக்கக் கூடாது. மொபைல்-ஃபர்ஸ்ட்னா அர்த்தம் அதுதான்: சிஎஸ்எஸ்ல அடிப்படையா எழுதுறது சின்னத் திரைக்கு, பெரிய திரைக்கு வேணுங்கறது மட்டும் `min-width` போட்டு மேல சேர்க்கிறது.

இந்த 360க்குள்ள மூணு வழி இருந்துச்சு. ஒரு பத்தின்னா படம் பெருசா, ஜரிகை வரைக்கும் தெரியும். ஆனா ஒரு திரைக்கு ஒண்ணரைச் சேலைதான். பத்துச் சேலை பார்க்கணும்னா விரல் வலிக்கும், ஒவ்வொரு படமும் பெருசு. ரெண்டாவது வழி, இடது பக்கம் சின்னப் படம், வலது பக்கம் எழுத்து. மளிகைக் கடைக்கு இது அருமையா இருக்கும். துவரம் பருப்பு எப்படி இருக்கும்னு யாரும் உத்துப் பார்க்க மாட்டாங்க, எத்தனை கிலோ, எவ்வளவு விலைன்னுதான் பார்ப்பாங்க. சேலைக்கு அது ஒத்து வராது. 96 பிக்ஸல் படத்துல பார்டர் ஒரு கோடாத்தான் தெரியும்.

மூணாவது, ரெண்டு பத்தி. ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் 12 பிக்ஸல் இடைவெளி விட்டா, மிச்சம் 324. பாதி 162. படம் 162 அகலம், 216 உயரம். கடையில சேலையை மடிச்சு அடுக்கி வச்சிருக்கிற மாதிரி பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிட முடியும். அதைத்தான் எடுத்தோம்.

படத்துக்குக் கீழ முதல்ல விலை, அப்புறம் பேரு. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. மேல கடைப் பேருக்கு 48 பிக்ஸல், விலைவாரியா பிரிக்கிற பட்டன் வரிசைக்கு 48. ஒரு சேலை வரிசை, படமும் எழுத்தும் சேர்த்து, சுமார் 300. பிரவுசரோட அட்ரஸ் பட்டை, போனோட கீழ் பட்டை எல்லாம் போக மிச்சம் சுமார் 670 பிக்ஸல் உயரம். போட்டுப் பார்த்தா, ரெண்டாவது வரிசையில விலை வரைக்கும் தெரியுது, பேரு வெட்டுப்படுது. நாலு சேலை, நாலு விலை, விரலை அசைக்காமலே தெரியும். கீழ இன்னும் இருக்குன்னும் பார்த்த உடனே புரிஞ்சுடும்.

பேனர் பத்தி அண்ணனுக்கும் எனக்கும் ஒரு வாரம் பேச்சு நடந்துச்சு. "தம்பி, கடை வாசல்ல ஒரு போர்டு இல்லாம எப்படிப்பா? ஆடி தள்ளுபடி எங்க போடுறது?"ன்னார். நியாயமான கேள்விதான். நான் சொன்னேன், "அண்ணா, போர்டு வைங்க, ஆனா வாசலை அடைக்கிற மாதிரி வைக்காதீங்க." பேனரை எழுத்தாவே போட்டோம். சிவப்புப் பட்டையில வெள்ளை எழுத்து: "ஆடி தள்ளுபடி, 3 சேலைக்கு மேல் தபால் செலவு இல்லை". 1,200 கேபி போய், இருநூறு முந்நூறு பைட்டுக்குள்ள வந்துச்சு. அதோட, மாறி மாறி ஓடுற பேனர்ல மூணாவது படம் வர்றதுக்குள்ள ஆள் கீழ போயிடுவாங்க. எழுத்துப் பட்டை வந்த உடனே படிக்கலாம்.

படம்

162 அகலக் கட்டத்துக்கு, ரெட்டைப் பிக்ஸல் திரையில 324 பிக்ஸல் அகலப் படம் போதும். நாங்க 336க்கு 448னு வச்சோம், வெப்பி ஃபார்மேட்ல. சேலைப் படத்துல நெசவு நுணுக்கம் நிறைய இருக்கறதால ரொம்ப சுருங்காது. எங்களுக்கு ஒரு படம் 20 கேபி கிட்ட வந்துச்சு. பழைய பக்கத்துல அதே கட்டத்துக்கு 1200க்கு 1600 படம் போய்க்கிட்டு இருந்துச்சு.

இதுல டேட்டா மட்டும் பிரச்சினை இல்ல, ரேமும் பிரச்சினை. ஃபைல் எவ்வளவு சின்னதா இருந்தாலும், திரையில காட்டணும்னா பிரவுசர் அதை விரிக்கணும். ஒரு பிக்ஸலுக்கு நாலு பைட். 1200க்கு 1600னா கிட்டத்தட்ட 7.7 எம்பி. இருபது படம்னா 150 எம்பிக்கு மேல. 2 ஜிபி ரேம் போன்ல, ஆண்ட்ராய்டு, வாட்ஸ்அப், கீபோர்டு எல்லாம் உட்கார்ந்த பிறகு இது பெரிய சுமை. 336க்கு 448 படம் விரிச்சா 0.6 எம்பிதான்.

அடுத்தது கலர். சேலை வாங்குறவங்க முதல்ல பார்க்கிறது கலரைத்தான். கலரைச் சொல்ல படமே வேணும்னு இல்ல. ஒவ்வொரு படத்துலயும் அதிகமா இருக்கிற கலரை எடுத்து, அந்தக் கட்டத்தோட பின்னணியா வச்சோம். ஏழு எழுத்துக் குறியீடு. எச்டிஎம்எல்லோடவே வந்துடும். அதனால படம் வர்றதுக்கு முன்னாடியே திரையில ஒரு அரக்குக் கட்டம், ஒரு கிளிப்பச்சைக் கட்டம், ஒரு மாம்பழ மஞ்சள் கட்டம், ஒரு மயில்கழுத்துக் கட்டம் தெரியும். கீழ விலை. "எனக்கு அந்தப் பச்சைதான் வேணும்"னு படம் வர்றதுக்குள்ளயே தொட்டு உள்ள போயிடலாம்.

ஒரு படத்துக்கான கோடு இவ்வளவுதான்:

```html
<img src="s101-336.webp"
     srcset="s101-336.webp 336w, s101-480.webp 480w"
     sizes="45vw" width="336" height="448"
     style="background:#7a1f2b"
     alt="அரக்கு, மாம்பழ மஞ்சள் பார்டர்"
     loading="lazy">
```

`width`, `height` ரெண்டையும் விட்டுடாதீங்க. அது இருந்தாத்தான் படம் வர்றதுக்கு முன்னாடியே பிரவுசர் இடத்தை ஒதுக்கி வைக்கும். இல்லைன்னா ஒவ்வொரு படம் வரும்போதும் கீழ இருக்கிறது எல்லாம் துள்ளும். 900 ரூபாய்ச் சேலையைத் தொடப் போறப்ப, பக்கம் துள்ளி 1,600 ரூபாய்ச் சேலைக்குள்ள போயிடும். `alt`ல கலர் பேரை எழுதறது எதுக்குன்னா, படம் வரவே இல்லைன்னாலும் அந்த எழுத்து தெரியும்.

`loading="lazy"` பத்தி ஒரு விஷயம். முதல் நாலு படத்துக்கு அதைப் போடக் கூடாது. அவை உடனே வேணும். மீதிக்குப் போடலாம். ஆனா "லேஸி போட்டாச்சு, கீழ போனாத்தான் படம் இறங்கும்"னு நம்பி உட்காராதீங்க. குரோம் கொஞ்சம் முன்கூட்டியே இறக்கும். 4ஜின்னா 1,250 பிக்ஸல் முன்னாடி. நெட் மெதுவா இருந்தா இன்னும் முன்னாடியே, 2,500 பிக்ஸல். மெதுவா இருக்கே, சீக்கிரமா ஆரம்பிச்சாத்தானே நேரத்துக்கு வரும்ங்கற நியாயம். எங்க வரிசை 300 பிக்ஸல்னா, 2,500க்குள்ள எட்டு வரிசை, பதினாறு சேலை. அதாவது இருபது சேலைப் பக்கத்துல லேஸி போட்டும், மெதுவான நெட்ல கிட்டத்தட்ட எல்லாமே இறங்கும்.

அதனால பக்கத்துக்குப் பன்னிரண்டு சேலைன்னு குறைச்சோம். கீழ "அடுத்த 12 சேலை"ன்னு ஒரு பெரிய பட்டன். படம் எல்லாம் சேர்த்து 240 கேபி. 64 கேபிபிஎஸ்ல முதல் நாலு படம் வர 10 செகண்ட், எல்லாம் வர அரை நிமிஷம். வேகம்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த அரை நிமிஷத்துல அவங்க விலையைப் படிச்சுக்கிட்டு, கலரைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. வெள்ளைத் திரையை முறைச்சுக்கிட்டு இல்ல.

சரி, ஜரிகையைக் கிட்டத்துல பார்க்கணும்னா? சேலைக்குள்ள போனா, அங்க "பெரிய படம் பார்க்க, 300 கேபி"ன்னு ஒரு பட்டன் இருக்கு. அளவை வெளிப்படையா எழுதிட்டோம். டேட்டா இருக்கிறவங்க தொடுவாங்க, இல்லாதவங்க காலையில பார்ப்பாங்க.

தமிழ் எழுத்துக்கு இடம்

நிறைய டெம்ப்ளேட் இங்கிலீஷுக்கு வெட்டினது. 14 பிக்ஸல் எழுத்து, இறுக்கமான வரி இடைவெளி, நிலையான அகலப் பட்டன். இதுல தமிழைப் போட்டா ரெண்டு இடத்துல உடையும். முதல்ல உயரம். "கீ"யோட மேல் சுழியும் "கூ"வோட கீழ் வாலும் வெட்டுப்படும். எழுத்து 16 பிக்ஸல், வரி உயரம் 1.6ன்னு வச்சா சரியாகும். கட்டத்துக்கு `height` போடாம `min-height` போடுங்க. ரெண்டாவது அகலம். "பை"ன்னு இங்கிலீஷ்ல மூணு எழுத்துப் பட்டன், தமிழ்ல "வாங்க" ஆகும், "கூடையில் சேர்க்க" ஆகும். நீளமான வார்த்தை 162 பிக்ஸலுக்குள்ள அடங்காம பக்கத்து கட்டத்துக்குள்ள நுழையும். `overflow-wrap: anywhere` கடைசிப் பாதுகாப்பு. அதைவிட நல்லது, சேலைப் பேரைச் சின்னதா வைக்கிறது. "இளம்பிள்ளை காட்டன் சில்க் ஜரிகை பார்டர் சேலை"ன்னு நீட்டாம, "காட்டன் சில்க், ஜரிகை". சேலைன்னுதான் எல்லாருக்கும் தெரியுமே.

தொட்டா உடனே பதில் வரணும்

பழைய பக்கத்தைப் பத்தி கடையில இருந்த இன்னொரு புகார், ஒரே ஆள் ரெண்டு ஆர்டர் போடுறாங்கன்னு. காரணம் ஜாவாஸ்க்ரிப்ட். 900 கேபி இறங்கினா மட்டும் போதாது, போன் அதைப் படிச்சு ஓட்டணும். நம்ம லேப்டாப்ல கண் சிமிட்டுற நேரத்துல முடியற வேலை, குறைஞ்ச விலை போன்ல பல செகண்ட் எடுக்கும். அந்த நேரத்துல பட்டன் கண்ணுக்குத் தெரியும், தொட்டா ஒண்ணும் நடக்காது. மறுபடி தொடுவாங்க. அப்புறம் ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

நாங்க விலைவாரிப் பிரிவுகளை, "500க்குள்", "500 முதல் 1,000", "1,000க்கு மேல்"னு சாதாரண லிங்க்கா வச்சோம். தொட்டா சர்வர்லேர்ந்து இன்னொரு 10 கேபி பக்கம் வரும். ஜாவாஸ்க்ரிப்ட் வேலையே இல்ல. புனல் ஐகானுக்குள்ள ஒளிச்சு வைக்காம எழுத்தாவே வெளிய வச்சோம். ஒவ்வொண்ணும் 48 பிக்ஸல் உயரம், கட்டைவிரலுக்குச் சௌகரியம். ஆர்டர் பட்டனைத் தொட்ட உடனே அது மங்கி "அனுப்புறோம்..."னு மாறும். அந்தச் சின்ன ஸ்க்ரிப்ட் மட்டும் இருக்கு.

இதைவிட முக்கியமான இடம், பணம் கட்டுறது. யூபிஐ ஆப்புக்குப் போனா, பிரவுசர் பின்னாடி போயிடும். 2 ஜிபி போன்ல ஆண்ட்ராய்டு அதை ரேம்லேர்ந்து தூக்கிடும். பணம் கட்டிட்டுத் திரும்பி வந்தா பக்கம் புதுசா லோட் ஆகும். கூடை, முகவரி எல்லாம் பக்கத்தோட நினைவுல மட்டும் இருந்துச்சுன்னா, காலி. 1,200 ரூபாய் போயிடுச்சு, திரையில "உங்கள் கூடை காலியாக உள்ளது"ன்னு இருக்கு. அந்த அம்மாவோட நெஞ்சு என்னாகும்?

அதனால வரிசையை மாத்தினோம். முகவரி கொடுத்த உடனே ஆர்டர் சர்வர்ல பதிவாகும், அதோட நம்பர் அட்ரஸ் பட்டையிலயே, `/order/4127-k9x2m7` மாதிரி வந்துடும். பின்னாடி இருக்கிற எழுத்துகள் எதுக்குன்னா, வெறும் நம்பரை மாத்தி அடுத்தவங்க ஆர்டரைப் பார்க்க முடியாம இருக்க. அப்புறம்தான் யூபிஐ. திரும்பி வரும்போது பக்கம் செத்திருந்தாலும், அதே அட்ரஸ் மறுபடி திறக்கும், "பணம் வந்ததா என்று பார்க்கிறோம்"னு சொல்லும். அதுவும் சின்ன எழுத்துப் பக்கம்தான், அதனால சீக்கிரம் வரும்.

சோதிச்சுப் பார்க்கிறது

குரோம் டெவ்டூல்ஸ்ல நெட்வொர்க் பகுதியில நீங்களே ஒரு வேகம் சேர்க்கலாம். டவுன்லோட் 64 கேபிபிஎஸ், தாமதம் 400 மில்லிசெகண்ட்னு ஒண்ணு போட்டு வச்சுக்கோங்க. பக்கத்தைத் திறந்துட்டு, வாட்ச்ல பாருங்க: முதல் விலை எப்போ தெரியுது, முதல் படம் எப்போ முழுசாகுது, முதல் தொடலுக்கு எப்போ பதில் வருது. இந்த மூணு நேரம் போதும்.

ஆனா லேப்டாப் சோதனை ரேமைக் காட்டாது. அதுக்கு நிஜ போன் வேணும். பழைய 2 ஜிபி போன் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கி மேஜையில வச்சுக்கோங்க. போன்ல யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் பண்ணி, கேபிள் போட்டு, லேப்டாப்ல `chrome://inspect` திறந்தா, அந்த போனோட குரோம்ல திறந்திருக்கிற பக்கங்கள் தெரியும். வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பி அதுலேர்ந்தே திறங்க. நடுவுல யூபிஐ ஆப், கேமரா, ஒரு வீடியோன்னு திறந்துட்டுத் திரும்பி வாங்க. பக்கம் தாங்குதான்னு அப்போதான் தெரியும்.

இந்த முறைக்கு எல்லைகளும் இருக்கு. பெரிய படத்தை 64 கேபிபிஎஸ்ல யாராலும் சீக்கிரம் காட்ட முடியாது. பின்னணிக் கலரும் எல்லாச் சேலைக்கும் சரியா வராது. ரெட்டைக் கலர் நெசவுல, அரக்கும் பச்சையும் கலந்து பார்த்தா, அதிகமா இருக்கிற கலர்னு கம்ப்யூட்டர் எடுக்கிறது ஒரு மங்கலான பழுப்பா இருக்கும். அதுக்கெல்லாம் கடையில இருக்கிற பொண்ணு கையால கலர் தேர்ந்தெடுக்கிறாங்க. அவங்களுக்கு இப்போ அதுக்கு நேரம் இருக்கு. ராத்திரி விலை டைப் பண்ற வேலை குறைஞ்சுடுச்சுல்ல. இப்போ வர்ற மெசேஜ் வேற மாதிரி: "அண்ணா, 101 நம்பர்ல பார்டர் இன்னும் கொஞ்சம் சின்னதா இருக்கா?" அதுக்குப் பதில் சொல்றதுதான் கடைக்காரர் வேலை.

இன்னைக்கு இவ்வளவுதான் மக்களே. உங்க பக்கத்தை 64 கேபிபிஎஸ்ல போட்டுப் பார்த்துட்டு, முதல் விலை தெரிய எத்தனை செகண்ட் ஆச்சுன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல, நெட் நடுவுல அறுந்தா ஃபார்ம்ல நிரப்பின முகவரியை எப்படிக் காப்பாத்துறதுன்னு பார்ப்போம். வரட்டுமா.